மூன்று ரூபாய் நாற்பது பைசாவில் ஒரு கோடு

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ கடைப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நீலப் பொத்தான் நன்றாகத் தெரியும். ஒரு பதிவு கொஞ்சம் நன்றாக ஓடினால் போதும், "இதைப் பூஸ்ட் செய்யுங்கள்" என்று அது கண்முன் வந்து நிற்கும். ஐந்நூறு ரூபாய், ஏழு நாள், அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போகிறார்கள். ஏழாம் நாள் கணக்கைத் திறந்தால், முதல் இரண்டு நாள் ஒரு கிளிக்குக்கு இரண்டரை ரூபாய் ஆகியிருக்கிறது. ஐந்தாம் நாள் அதே கிளிக்குக்கு ஆறு ரூபாய் போயிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு ஆள் இல்லாத இந்த நேரத்துக்காகத்தான் மெட்டா நிறுவனத்தின் விளம்பர மேலாண்மைத் தளமான Ads Manager-இல் தானியங்கி விதிகள் இருக்கின்றன. கிளிக்கின் விலை இன்ன தொகையைத் தாண்டினால் விளம்பரத்தை நிறுத்து என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், தளம் இரவு பகலாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் விதியை அவசரமாக எழுதினால் நல்ல விளம்பரத்தை நிறுத்திவிடும், கெட்டதை ஓடவிடும். எங்கே கவனம் வேண்டும் என்பதை ஒரு கடையின் கணக்கை வைத்தே பார்ப்போம்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு சிறிய வலைதளம் இருக்கிறது, ஆர்டர் அதில்தான் வருகிறது. புதிய நிறங்கள் வந்திருக்கின்றன. ஒரு பதிவைப் போட்டு, நாளொன்றுக்கு 500 ரூபாய் செலவில் அதைப் பரப்ப வேண்டும். இங்கே வரும் தொகைகளெல்லாம் உதாரணத்துக்காக. உங்கள் கடையின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த விலையில் நிறுத்துவது என்பதை. பலர் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன எண்ணையோ, இணையத்தில் எங்கோ பார்த்த சராசரியையோ எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறொருவரின் லாபத்துக்கு ஏற்ற எண். நம் எண் நம் சேலையிலிருந்து வர வேண்டும்.

ஒரு சேலை விற்றால் துணி, சாயம், கூலி, கூரியர் எல்லாம் போக 400 ரூபாய் நிற்கிறது. அதில் 150 ரூபாயாவது கையில் மிஞ்ச வேண்டும் என்றால், விளம்பரத்துக்குப் போகக்கூடியது 250. வலைதளத்துக்கு வருபவர்களில் ஐம்பது பேருக்கு ஒருவர் வாங்குகிறார் என்று பழைய கணக்கு சொல்கிறது. அப்படியானால் ஒரு வருகைக்கு ஐந்து ரூபாய்வரை தரலாம். ஆனால் கிளிக் செய்கிற எல்லாரும் வந்து சேர்வதில்லை. பக்கம் திறக்கும் முன்பே சிலர் திரும்பிவிடுகிறார்கள். பத்துக் கிளிக்குக்கு எட்டு வருகை என்று வைத்தால், ஒரு கிளிக்குக்கு நான்கு ரூபாய்.

இன்னும் முடியவில்லை. இந்தியாவில் இந்த விளம்பரங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, Ads Manager காட்டும் கிளிக் விலையில் அந்த வரி சேர்ந்திருக்காது. வரியைத் திரும்ப உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும் கடை இதைப் பொருட்படுத்த வேண்டாம். எடுக்க முடியாத சிறு கடைக்கு நான்கை 1.18 ஆல் வகுக்க வேண்டும்: மூன்று ரூபாய் நாற்பது பைசா. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிளிக்கும் அந்தக் கடைக்காரர் மிஞ்ச வேண்டும் என்று நினைத்த 150 ரூபாயைத் தின்னத் தொடங்குகிறது.

ஐபோனில் பூஸ்ட் செய்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. ஐபோனின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்குள்ளிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிள் 30 சதவீதச் சேவைக் கட்டணம் எடுக்கிறது. 2024 இல் அமெரிக்காவில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய ஏற்பாடு இது. அதே வேலையைக் கணினியிலோ போனின் பிரவுசரிலோ செய்தால் அந்தக் கட்டணம் இல்லை. பணம் கட்டும் திரையை ஒரு நிமிடம் நின்று படித்தால் தெரிந்துவிடும். கோடு எங்கே போடுவது என்று பைசாக் கணக்குப் பார்த்துவிட்டு, கட்டும் இடத்தில் முப்பது சதவீதத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, எந்தக் கிளிக் என்பது. Ads Manager-இல் கிளிக்கின் விலை இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று எல்லாக் கிளிக்குகளையும் எண்ணுவது: லைக், கமென்ட், படத்தைப் பெரிதாக்கித் தொட்டது, கடைப் பெயரைத் தட்டியது எல்லாம் இதில் சேரும். மற்றொன்று இணைப்பைத் தட்டியதை மட்டும் எண்ணுவது. சேலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தவர் வலைதளத்துக்கு வரவே இல்லை. முதல் வகையைப் பார்த்தால் எல்லாம் மலிவாகத் தெரியும், விதி ஒருநாளும் வேலை செய்யாது. நம் மூன்று ரூபாய் நாற்பது பைசா இணைப்புக் கிளிக்குக்கு மட்டுமானது.

இதோடு சேர்ந்தது பூஸ்ட் செய்யும்போது கேட்கப்படும் நோக்கம். பொத்தானை அழுத்தினால் பல நேரம் கூடுதல் லைக், கமென்ட் கிடைப்பதே நோக்கமாகத் தேர்வாகி நிற்கும். அப்படியே விட்டால் தளம் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்துப் பதிவைக் காட்டும். அவர்கள் இணைப்பைத் தட்டுவது குறைவு. இணைப்புக் கிளிக்கின் விலை தொடக்கத்திலிருந்தே உயரத்தில் நிற்கும், விதி அதை முதல் நாளே நிறுத்தும், கடைக்காரர் பதிவு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வலைதள வருகைதான் வேண்டும் என்றால் நோக்கத்தை அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதனால்தான் நீலப் பொத்தானைவிட Ads Manager வழியாகவே போவது நல்லது என்று நான் கருதுகிறேன். அங்கே புதிய விளம்பரம் உருவாக்கி, ஏற்கெனவே போட்ட பதிவைப் பயன்படுத்தும் "Use existing post" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதே பதிவுதான், அதே லைக்குகளும் கமென்ட்களும் அதன்மேல் சேரும். ஆனால் நோக்கம், தொடங்கும் நாள், நேரம், முடியும் நாள் எல்லாம் நம் கையில் இருக்கும். பதிவை வியாழன் மாலை சாதாரணமாகப் போட்டு, ஒரு நாள் அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, சனி காலை ஆறு மணிக்கு விளம்பரம் தொடங்குமாறு குறித்து வைக்கலாம். மெட்டாவின் பரிசீலனை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் வெள்ளி காலையிலேயே சமர்ப்பித்துவிட வேண்டும்.

இப்போது விதி. Ads Manager-இன் "Rules" பகுதியில் புதிய விதி ஒன்றை உருவாக்கினால் நான்கு விஷயங்களைக் கேட்கும்: எதன்மேல், என்ன செய்ய, எந்த நிபந்தனையில், எத்தனை நாளின் கணக்கைப் பார்த்து. "எல்லா விளம்பரங்களின்மேலும்" என்று கொடுக்காமல் இந்த ஒரு விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு விதியை எழுதுவது நல்லது. இல்லாவிட்டால், வாட்ஸ்அப் செய்தி வர வேண்டும் என்று வேறு கணக்கில் ஓடும் இன்னொரு விளம்பரத்தையும் இதே கோடு வெட்டிவிடும். செய்ய வேண்டியது நிறுத்துவது. நிபந்தனை, இணைப்புக் கிளிக்கின் விலை 3.40-ஐத் தாண்டுவது. கணக்கு, இன்றைய நாள். எப்போது சரிபார்க்க வேண்டும் என்பதில் "Continuously" கொடுத்தால் தோராயமாக அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தளம் பார்க்கும்.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இப்படியே விட்டால் இந்த விதி நல்ல விளம்பரத்தைக் கொன்றுவிடும்.

ஏன் என்று பார்ப்போம். இந்தக் கடைக்குச் சாதாரணமாக ஒரு கிளிக் இரண்டரை ரூபாய் ஆகிறது. காலையில் 50 ரூபாய் செலவானபோது 20 கிளிக் வந்திருக்க வேண்டும். ஆனால் கிளிக்குகள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. சில காலை 26 வரும், சில காலை 14 வரும். விளம்பரத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதே, இப்படி 14 அல்லது அதற்கும் குறைவாக வருவது சராசரியாகப் பத்தில் ஒரு நாள் நடக்கும். 50 ரூபாய்க்கு 14 கிளிக் என்றால் விலை மூன்று ரூபாய் ஐம்பத்தேழு பைசா. விதி கோட்டைப் பார்க்கும், நிறுத்தும். அன்று மாலை வந்திருக்க வேண்டிய வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். அரை மணிக்கொரு முறை சரிபார்ப்பதால், காலை முழுக்க இப்படி விழுவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும்.

அதனால் இரண்டாவது நிபந்தனை ஒன்று வேண்டும்: இன்று செலவானது 250 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரே விதிக்குள் இரண்டு நிபந்தனை போட்டால் இரண்டும் நிறைவேறினால்தான் விதி வேலை செய்யும். 250 ரூபாய்க்கு 100 கிளிக் எதிர்பார்க்கிறோம். விலை 3.40-ஐத் தாண்ட வேண்டுமானால் கிளிக் 73 ஆகக் குறைந்திருக்க வேண்டும். ஒழுங்காக ஓடும் விளம்பரத்தில் வெறும் தற்செயலாக அப்படி ஆவது மிக அரிது. அப்போது விதி நிறுத்தினால் அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது என்று நம்பலாம். இதற்கு நாம் கொடுக்கும் விலை, மோசமான நாளில் 250 ரூபாய்வரை போனபின்தான் கை வைப்போம் என்பது. எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கிளிக்கே வராவிட்டால் கிளிக்கின் விலை என்ன? நூறு ரூபாயைச் சுழியத்தால் வகுத்தால் எண் எதுவும் வராது. வலைதள இணைப்பைத் தவறாகக் கொடுத்த நாளிலோ, பொத்தான் சரியாக அமையாத பதிவிலோ இது நடக்கும். கிளிக் விலையை மட்டும் பார்க்கும் விதியை இந்த இடத்தில் நம்பி இருக்க வேண்டாம். தனியாக ஒரு சிறு விதி எழுதிவிடலாம்: இன்று செலவு 100 ரூபாயைத் தாண்டி, இணைப்புக் கிளிக் 15-க்குக் கீழ் இருந்தால் நிறுத்து. நூறு ரூபாய்க்கு நாற்பது வர வேண்டிய இடத்தில் பதினைந்துகூட வரவில்லை என்றால் 250 ரூபாய்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"இன்று" என்பது கடைக்காரரின் இன்று அல்ல, விளம்பரக் கணக்கின் இன்று என்பதையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு தொடங்கும்போது நேர மண்டலத்தைக் கவனிக்காமல் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தை விட்டுவிட்டால், அந்தக் கணக்கின் நள்ளிரவு நமக்குப் பகல் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆக இருக்கும். மதியம் சாப்பிடும் நேரத்தில் செலவுக் கணக்கு சுழியத்துக்குப் போய்விடும். விதி ஏன் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி, இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பணம் போவதுமான இடத்துக்கு வருவோம். விளம்பரச் செலவை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு 500 என்று கொடுப்பது ஒன்று. ஏழு நாளுக்கு மொத்தம் 3,500 என்று கொடுப்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நிறுத்தும் விதி நுழைந்தவுடன் இரண்டும் வேறாகிவிடும்.

மொத்தத் தொகை கொடுத்திருந்தால், தளம் மிச்சமிருக்கும் பணத்தை மிச்சமிருக்கும் நாட்களுக்குப் பங்கிட்டுச் செலவழிக்கப் பார்க்கும். முதல் இரண்டு நாளில் 1,000 ரூபாய் போனது. மூன்றாம் நாள் காலை விலை ஏறியதால் விளம்பரம் நின்றது, மூன்று நாள் நின்றே இருந்தது. ஆறாம் நாள் மீண்டும் ஓடவிட்டார்கள். இப்போது 2,500 ரூபாய், இரண்டு நாள். நாளுக்கு 500 போன விளம்பரம் 1,250 ரூபாய் வேகத்தில் ஓடும். வேகம் கூடும்போது, எளிதில் கிடைக்கும் மலிவான வாய்ப்புகளைத் தாண்டி விலை அதிகமான இடங்களிலும் தளம் ஏலம் எடுக்க வேண்டியிருக்கும். கிளிக் விலை இன்னும் ஏறும். விலை ஏறியதற்காக நிறுத்தியதே அடுத்த ஏற்றத்துக்குக் காரணமாகிவிடுகிறது. பணமும் மிச்சமாகவில்லை, ஒத்திப்போடப்பட்டது, அவ்வளவுதான்.

நாள் செலவாகக் கொடுத்திருந்தால் நின்ற நாட்களின் பணம் போகவே போகாது. ஆகவே தானியங்கி நிறுத்தம் வைக்கும் விளம்பரத்துக்கு நாள் செலவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று மட்டும்: நாளுக்கு 500 என்று கொடுத்தாலும், வாய்ப்பு நன்றாக இருக்கும் நாளில் தளம் அதற்கு மேலும் செலவழிக்கும். வாரத்தின் கூட்டுத்தொகை ஏழு மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் 600 போயிருக்கிறதே என்று பதற வேண்டாம்.

மாலை ஆறிலிருந்து பத்து மணிவரை மட்டும் காட்டு என்று மணி வாரியாக அட்டவணை போடும் வசதியைப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். அந்த வசதி மொத்தத் தொகை முறையோடு பிணைக்கப்பட்டே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. மேலே சொன்ன சிக்கல் அதற்கும் பொருந்தும்: ஒரு நாளின் பணத்தை நாலு மணி நேரத்துக்குள் திணித்தால் கிளிக் விலை ஏறும். எல்லா வியாபாரிகளும் அதே மாலை நேரத்தையே கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொலைபேசியில் ஆர்டர் எடுக்க ஆள் இருக்கும் நேரம் மட்டுமே வேண்டும் என்பது போன்ற திட்டவட்டமான காரணம் இல்லாவிட்டால், நாள் முழுக்க ஓடவிடுவதே மலிவு. சேலைக் கடையின் வலைதளம் இரவிலும் ஆர்டர் எடுக்கும்.

விதி வேலை செய்து விளம்பரம் நின்றுவிட்டது, அறிவிப்பும் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்பதை விலை மட்டும் சொல்லாது. அதன் பின்னால் இருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிவை ஆயிரம் முறை காட்டுவதற்கு ஆன செலவு, திரையில் CPM என்று இருக்கும். மற்றொன்று, பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் இணைப்பைத் தட்டினார்கள் என்பது, அது CTR. கிளிக் விலை இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது. ஆயிரம் முறை காட்ட 50 ரூபாய், நூற்றுக்கு இரண்டு பேர் தட்டுகிறார்கள் என்றால், 20 கிளிக்குக்கு 50 ரூபாய், ஒன்று இரண்டரை.

விலை நான்கு ரூபாய்க்குப் போனதற்கு இரண்டு வேறு கதைகள் இருக்கலாம். தட்டுபவர்கள் அதே இரண்டு சதவீதம், ஆனால் காட்டும் செலவு 50-இலிருந்து 80 ஆகிவிட்டது என்றால், பதிவில் குறை இல்லை. ஏலத்தில் கூட்டம் சேர்ந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் பணத்தோடு இறங்கும்போது இதுதான் நடக்கும். பதிவை மாற்றுவதால் பயன் கொஞ்சம்தான். பார்வையாளர் வட்டத்தை விரிக்கலாம், அல்லது கூட்டம் கலையும்வரை பொறுக்கலாம். மாறாக, காட்டும் செலவு அதே 50, தட்டுபவர்கள் ஒன்றேகால் சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள் என்றால், அதே ஆட்கள் அதே சேலைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணும் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். காத்திருந்து பயனில்லை, புதுப் படம், புதுப் பதிவு வேண்டும். இரண்டிலும் விலை அதே நான்கு ரூபாய். மருந்து வேறு.

எதிர்த் திசையிலும் ஒரு கவனம் தேவை. கிளிக் விலை திடீரென்று ஒரு ரூபாய்க்கு இறங்கினால் விதி மகிழ்ச்சியாக ஓடவிடும். விளம்பரம் மற்ற செயலிகளுக்குள் காட்டப்படும்போது, விளையாடிக்கொண்டிருப்பவரின் விரல் தவறிப் பட்டதெல்லாம் கிளிக்காக எண்ணப்படும். கிளிக் 300, பக்கம் முழுதாகத் திறந்தது 90 என்று இருந்தால் அந்த மலிவு உண்மையான மலிவு அல்ல. வலைதளத்தில் மெட்டாவின் பிக்ஸல் பொருத்தப்பட்டிருந்தால் இந்த இரண்டாவது எண் கிடைக்கும். அப்போது கோட்டைக் கிளிக் விலையில் போடாமல் பக்க வருகையின் விலையிலேயே போடலாம்.

நிறுத்தியதை மீண்டும் ஓடவைக்கவும் விதி எழுத வேண்டும், தானாக அது எழுந்திருக்காது. விலை இறங்கினால் தொடங்கு என்று எழுதலாமே என்று தோன்றும். நின்றுபோன விளம்பரத்துக்குப் புதுக் கிளிக் வராது, அதனால் அன்றைய விலை இறங்கவும் வழியில்லை. எளிய வழி, தினமும் காலை ஆறு மணிக்கு அதை மீண்டும் இயக்கும் ஒரு விதி. புது நாள், புதுக் கணக்கு, மறுபடியும் 250 ரூபாய்க்கான வாய்ப்பு. தொடர்ந்து மூன்று நாள் இப்படிக் காலையில் எழுந்து மதியம் நின்றால், அந்தப் பதிவின் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துவிட்டுத் தொடங்கினால் யாருக்குக் காட்டுவது என்று தளம் கற்றுக்கொள்வதே முதலிலிருந்து தொடங்கும், முதல் நாட்களின் விலை மேலும் கீழும் ஆடும். அந்த நாட்களில் கோட்டைச் சற்றுத் தளர்த்தி வைக்கலாம்.

காலை ஆறு மணி விதியில் ஒரு ஆபத்து இருக்கிறது. சேலை தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கையால் நிறுத்தியதையும் அது மறுநாள் எழுப்பிவிடும். இல்லாத சேலைக்கு 500 ரூபாய் போகும். இதற்கு விளம்பரத்தின் பெயரில் ஒரு அடையாளச் சொல்லைச் சேர்த்து, பெயரில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் இயக்கு என்று விதியில் நிபந்தனை போட வேண்டும். கையால் நிறுத்தும்போது பெயரிலிருந்து அந்தச் சொல்லையும் எடுத்துவிட வேண்டும். முடியும் தேதி தாண்டிய விளம்பரத்தை எந்த விதியாலும் எழுப்ப முடியாது, தேதியை நீட்டித்தால்தான் உண்டு.

எழுதியவுடனே விதியின் கையில் சாவியைக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிறுத்து என்பதற்குப் பதிலாக "Send notification only" என்று முதல் வாரம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் அன்றைய செலவையும் கிளிக்குகளையும் ஒரு தாளில் குறித்து, நானாக இருந்தால் இப்போது நிறுத்தியிருப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து அறிவிப்பில் மூன்றுக்கு மாட்டேன் என்று பதில் வந்தால் 250 என்ற தொகையை 350 ஆக்கிவிட்டு இன்னொரு வாரம் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஆம் என்று வந்தால், அதே விதியைத் திறந்து நிறுத்து என்று மாற்றிச் சேமித்துவிடலாம்.